தினசரிக் கட்டண ஏற்றுமதி கேட்டு மென்பொருள் நிறுவனத்துக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதம்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சுயநிதிப் பள்ளி ஒன்றின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாணவர்களின் கட்டணம் முழுவதும் இப்போது ஒரு மென்பொருளின் வழியாகவே வசூலாகிறது. அதிலிருந்து ஒவ்வொரு நாளின் வசூல் விவரமும் மறுநாள் காலையில் கோப்பாக வந்து சேர வேண்டும் என்று கேட்டுத் தலைமையாசிரியர் கையொப்பமிடும் கடிதத்தை எங்கள் பள்ளிக்காக ஒரு முறையும், அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்காகப் பல முறையும் வரைந்து கொடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்குச் சரியான கோப்பு கிடைத்ததே இல்லை. வந்த கோப்பில் என்ன கோளாறு இருக்கிறதோ, அதன் வேர் பெரும்பாலும் நாங்கள் எழுதிய கடிதத்தில் விடுபட்ட ஒரு வரியாகவே இருந்திருக்கிறது. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காரணங்களை எளியதில் தொடங்கிச் செலவு மிக்கது வரை வரிசைப்படுத்தி, கடிதத்தில் எந்த வாக்கியத்தைச் சேர்த்தால் அது தீரும் என்பதையும் எழுதியுள்ளேன்.

அறிகுறி 1: "அறிக்கை மென்பொருளிலேயே இருக்கிறது" என்று பதில் வருகிறது, அல்லது பதிலே வரவில்லை

பதிலே வரவில்லை என்றால், கடிதம் யாருக்குப் போனது என்பதை முதலில் பாருங்கள். மென்பொருளை விற்க வந்தவரின் கைப்பேசி எண்தான் பள்ளியில் எல்லோரிடமும் இருக்கும். கடிதமும் படமாக அவருக்கே அனுப்பப்பட்டு, அங்கேயே நின்றுவிடும். ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள சேவைப் பிரிவின் மின்னஞ்சலுக்குப் பள்ளியின் முகவரியிலிருந்து அனுப்பிப் புகார் எண் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் கையில் இல்லாமல் பின்னால் எதையும் தொடர முடியாது.

"அறிக்கை இருக்கிறதே" என்று பதில் வந்திருந்தால், கடிதத்தில் "தினசரி அறிக்கை" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் முதல் கடிதத்தில் அதுதான் இருந்தது. அறிக்கை என்பது ஒருவர் உள்ளே நுழைந்து, தேதியைத் தேர்ந்தெடுத்து, அச்சிட்டுக்கொள்ளும் தாள். நாம் கேட்பது, யாரும் எதையும் அழுத்தாமல் தானாக வந்து சேரும், வரிக்கு ஒரு ரசீது என்று அமைந்த கோப்பு. இரண்டையும் ஒரே சொல்லால் கேட்டால், தம்மிடம் ஏற்கெனவே இருப்பதைத்தான் அவர்கள் காட்டுவார்கள், அதில் அவர்கள்மீது குற்றமும் இல்லை. கடிதத்தின் தொடக்கம் இவ்வாறு இருக்கட்டும்:

> பொருள்: நாள்தோறும் கட்டண வசூல் பதிவுகளைக் கோப்பாகத் தானாக அனுப்பும் வசதி வேண்டுதல்.
>
> ஐயா, எங்கள் பள்ளியில் தங்கள் மென்பொருளின் வழியாகப் பெறப்படும் கட்டணங்கள் அனைத்தையும், ரசீது ஒன்றுக்கு ஒரு வரி என்ற முறையில், முந்தைய நாள் நள்ளிரவு வரையிலான பதிவுகளுடன், ஒவ்வொரு நாளும் காலை 6 மணிக்குள் சி.எஸ்.வி. கோப்பாக எங்களுக்குக் கிடைக்கச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். மென்பொருளில் தற்போதுள்ள அச்சு அறிக்கை இத்தேவையை நிறைவு செய்யவில்லை. ஏனெனில் அதில் வங்கியின் பரிவர்த்தனை எண்ணும், ரத்து செய்யப்பட்ட ரசீதுகளும் இடம்பெறுவதில்லை.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இருப்பது ஏன் போதவில்லை என்பதைப் பெயர் சொல்லிக் காட்டாத கடிதத்துக்கு "பயிற்சி தருகிறோம்" என்ற பதில்தான் வரும்.

இவ்வளவு தெளிவாக எழுதியும் "இது தனிப் பணி, கட்டணம் உண்டு" என்று பதில் வரலாம். பணம் கொடுக்கும் முன் இரண்டைச் சரிபாருங்கள். மென்பொருளின் நிர்வாகிக் கணக்கில், இருக்கும் அறிக்கையையே நேரம் குறித்து அனுப்பும் வசதி பல நேரங்களில் முடக்கப்பட்டுக் கிடக்கும், அதைத் திறந்துவிடக் கேட்பதற்குச் செலவில்லை. அடுத்து, தரவு யாருடையது, எந்த வடிவில் திருப்பித் தரப்படும் என்று ஒப்பந்தம் சொல்கிறதா என்று படித்துப் பாருங்கள். தரவு பள்ளிக்குரியது என்ற வாசகம் இருந்தால் அதன் பத்தி எண்ணைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். இரண்டும் இல்லையென்றால்தான் ஒருமுறைப் பணிக்கான விலைப்புள்ளியைக் கேட்க வேண்டும். இரு மென்பொருள்களை நேரடியாக இணைத்துத் தருவதாகச் சொல்லும் பெரிய திட்டம் எல்லாவற்றிலும் செலவு மிக்கது, வசூலைச் சரிபார்க்கும் வேலைக்கு அது தேவையும் இல்லை.

அறிகுறி 2: கோப்பு வருகிறது, ஆனால் திறந்தால் பெயர்களும் எண்களும் சிதைந்திருக்கின்றன

கவிதா என்ற பெயர் `à®•` என்று தொடங்கும். 0417 என்ற சேர்க்கை எண் 417 ஆகியிருக்கும். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் `4.16498E+11` என்று நிற்கும். இதைப் பார்த்தவுடன் "தாங்கள் அனுப்பிய கோப்பு பழுதாக உள்ளது" என்று எழுதிவிடாதீர்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை நம் கணினியில் எக்செல் செய்த வேலை.

சோதனை எளியது. வந்த கோப்பை எக்செல்லில் திறக்காமல் நோட்பேடில் திறந்து பாருங்கள். அங்கே தமிழும் முன்சுழியும் 12 இலக்கமும் சரியாகத் தெரிந்தால் கோப்பில் குறையில்லை. எக்செல்லில் கோப்பை இருமுறை சொடுக்கித் திறப்பதற்குப் பதிலாக, `Data` பட்டியலில் `From Text/CSV` வழியாக உள்ளே கொண்டுவந்து, `File Origin` என்ற இடத்தில் `65001: Unicode (UTF-8)` என்பதைத் தேர்ந்தெடுத்து, `Transform Data` என்பதை அழுத்தி, சேர்க்கை எண், பரிவர்த்தனை எண் ஆகிய பத்திகளின் வகையை `Text` என்று மாற்றி, கேட்கும்போது `Replace current` என்பதைத் தேர்ந்தெடுத்தால் மூன்று சிதைவுகளும் நீங்கும்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. இருமுறை சொடுக்கித் திறந்த கோப்பை அப்படியே சேமித்துவிட்டால், திரையில் தெரிந்த `4.16498E+11` என்பதுதான் கோப்புக்குள் எழுதப்படும், பின்னாலிருந்த ஆறு இலக்கங்கள் அழிந்துவிடும். அதற்கு மேல் அந்த வரியை வங்கிக் கணக்கோடு பொருத்த வழியில்லை. வந்த கோப்பை ஒரு தனிக் கோப்புறையில் தொடாமல் வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யும்படி அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.

நோட்பேடிலேயே சிதைந்திருந்தால் குறை அவர்கள் பக்கம். அப்போது கடிதத்துடன் ஒரு மாதிரி வரியை இணைப்பது, விளக்கம் எழுதுவதைவிட நூறு மடங்கு பயன் தரும். நாங்கள் இணைப்பது இது:

```
receipt_no,receipt_date,admission_no,amount,mode,bank_ref,status,updated_at
R01187,2024-06-12,0417,8500.00,UPI,416498203355,PAID,2024-06-13T00:07:41+05:30
```

அதன் கீழே, "கோப்பு யுடிஎஃப்-8 முறையில் இருக்க வேண்டும். தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அமைய வேண்டும். சேர்க்கை எண்ணின் முன்சுழிகள் நீக்கப்படக் கூடாது" என்று எழுதுங்கள். தேதியின் வரிசையை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 06/12 என்று வந்தால் அது ஜூன் 12 ஆகவும் படிக்கப்படலாம், டிசம்பர் 6 ஆகவும் படிக்கப்படலாம். 13ஆம் தேதி முதல் இந்தக் குழப்பம் வெளிப்பட்டுவிடும், அதற்கு முந்தைய நாட்களில் வெளியே தெரியாமலே தங்கிவிடும்.

அறிகுறி 3: கோப்பின் மொத்தமும் வங்கியில் வரவான தொகையும் ஒத்துப்போகவில்லை

அதிகமாக வரும் அறிகுறி இதுதான். தலைமையாசிரியர்களைத் தூங்கவிடாமல் செய்வதும் இதுவே. பணம் எங்கோ போய்விட்டது என்ற அச்சம் முதலில் வரும், பிறகு அலுவலகத்தில் இருப்பவர்மீது பார்வை திரும்பும். அதற்கு முன் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒரு நாள் கணக்கை முழுதாகச் சொல்கிறேன்.

2024 ஜூன் 12, புதன்கிழமை. பள்ளி திறந்த மூன்றாவது நாள். கோப்பில் அன்றைய மொத்த வசூல் 2,46,500 ரூபாய். இணையவழிப் பணம் இரண்டு வேலை நாள் கழித்து வந்து சேரும் என்பது எங்கள் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை வங்கியில் ஒரே வரவாக வந்தது 1,61,977 ரூபாய் 80 காசு.

முதல் காரணம் மிகச் சாதாரணமானது. 2,46,500இல் ரொக்கம் 38,000, காசோலை 24,000. இவை தனியே வங்கிக்குப் போகும். இணையவழி வசூலோடு மட்டுமே இந்த வரவை ஒப்பிட வேண்டும், அது 1,84,500. கோப்பில் செலுத்திய முறை என்ற பத்தி இல்லையென்றால் இந்த முதல் படியையே எடுத்து வைக்க முடியாது.

இன்னும் 22,522 ரூபாய் 20 காசு குறைகிறது. அடுத்துப் பார்க்க வேண்டியது பணம் பெற்றுத் தரும் இடைநிறுவனத்தின் சேவைக் கட்டணம். அன்று கடன் அட்டைகளில் வந்தது 64,500. எங்கள் ஒப்பந்தப்படி அதற்கு 2 விழுக்காடு, அதாவது 1,290 ரூபாய். அதன்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி 232 ரூபாய் 20 காசு. சேர்த்து 1,522 ரூபாய் 20 காசு. காசுக் கணக்கு இந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டதால் மீதி முழுத்தொகையாக 21,000 நின்றது. குறைவில் காசு இருந்தால் சேவைக் கட்டணத்தைத் தேடுங்கள் என்பது நான் கைக்கொள்ளும் முறை.

மூன்றாவது, திருப்பிக் கொடுத்த பணம். முந்தைய வாரம் ஒரு பெற்றோர் 12,500 ரூபாயை இரண்டு முறை செலுத்திவிட்டார். இரண்டாவது தொகையைத் திருப்பித் தர நாங்கள்தான் ஒப்புதல் கொடுத்தோம். இடைநிறுவனம் அதைத் தனியாகக் கேட்டு வாங்காமல் அன்றைய வரவிலேயே கழித்துக்கொண்டது. மென்பொருளின் வசூல் பட்டியலில் திருப்புத் தொகைகள் சேர்வதில்லை, அதனால் கோப்பில் அது இல்லை.

கடைசியாக நின்றது 8,500. மேலே மாதிரியாகக் கொடுத்த வரி அதுதான். அந்தத் தாய் இரவு 11.52 மணிக்குப் பணம் செலுத்தியிருக்கிறார். வங்கியின் உறுதிச் செய்தி 12.07க்கு வந்திருக்கிறது. மென்பொருள் தொடங்கிய நாளை எடுத்துக்கொண்டு 12ஆம் தேதியில் எழுதியது. இடைநிறுவனம் உறுதியான நாளை எடுத்துக்கொண்டு 13ஆம் தேதியில் சேர்த்தது. பணம் அடுத்த வரவில் முழுதாக வந்தது. `receipt_date`, `updated_at` என்ற இரண்டு பத்திகளும் இருந்ததால் இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆனது. ஒரு தேதி மட்டுமே இருந்த பழைய கோப்பில் இதே போன்ற ஒன்றைத் தேட எனக்கு ஒன்றரை நாள் ஆகியிருக்கிறது.

தேதியை ஒட்டியே இன்னொன்றும் உண்டு. மென்பொருளின் கணினி உலகப் பொது நேரத்தில் ஓடினால், அதன் நாள் நமக்கு விடியற்காலை 5.30க்குத்தான் மாறும். நள்ளிரவுக்கும் 5.30க்கும் இடையே செலுத்தியவை எல்லாம் முந்தைய நாளின் கோப்பில் விழும். அந்த நேரத்தில் செலுத்தப்பட்ட ஒரு ரசீதை எடுத்து, அது எந்த நாளின் கோப்பில் இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். எங்கள் மாதிரி வரியின் இறுதியில் உள்ள `+05:30` அதற்காகத்தான்.

இவற்றைக் கடிதத்தில் ஒரே பத்தியாக எழுதலாம்:

> ஒவ்வொரு வரியிலும் செலுத்திய முறை, வங்கிப் பரிவர்த்தனை எண், ரசீது தேதி, பதிவு கடைசியாக மாறிய தேதியும் நேரமும் (இந்திய நேரப்படி) ஆகியவை தனித்தனிப் பத்திகளாக இடம்பெற வேண்டும். திருப்பிக் கொடுக்கப்பட்ட தொகைகளைக் கழித்தல் குறியுடன் தனி வரிகளாகக் காட்ட வேண்டும். இணையவழிப் பணம் வங்கியில் வரவாகும்போது, வங்கி அந்த வரவுக்குக் கொடுத்த யுடிஆர் எண்ணையும், பிடிக்கப்பட்ட சேவைக் கட்டணத்தையும், அவ்வரவில் அடங்கிய ரசீதுகளையும் தனிக் கோப்பாக அளிக்க வேண்டும்.

அந்தத் தனிக் கோப்பை அவர்களால் தர முடியவில்லை என்றால், இடைநிறுவனத்தின் தளத்தில் பள்ளிக்கென்று உள்ள கணக்கில் அது பெரும்பாலும் கிடைக்கும். அதன் நுழைவுச் சொல் தலைமையாசிரியரிடமோ தாளாளரிடமோ இருக்கிறதா என்று கேளுங்கள். மென்பொருள் நிறுவனமே தன் பெயரில் அந்தக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறது என்று தெரிந்தால் அந்த இடத்தில் நின்றுவிடுங்கள். பள்ளியின் பணம் வேறொருவர் பெயரிலுள்ள கணக்கின் வழியாக வருகிறது என்பது கடிதத்தால் தீரும் சிக்கல் அல்ல, தணிக்கையாளரை அழைத்தாக வேண்டும். நான்கு காரணங்களையும் கழித்த பிறகும் ஒரே தொகை மூன்று வேலை நாளுக்கு மேல் நின்றாலும் அவரிடமே போக வேண்டும்.

அறிகுறி 4: நேற்று பார்த்த மொத்தம் இன்று மாறியிருக்கிறது, அல்லது ரசீது எண்ணில் இடைவெளி இருக்கிறது

கோப்பில் R01187, R01188, R01190 என்று வரும். 1189 எங்கே என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அச்சுப்பொறியில் தாள் சிக்கியது என்பதே விடையாக இருக்கும். எழுத்தர் அந்த ரசீதை ரத்து செய்துவிட்டு அடுத்த எண்ணில் புதிதாகப் போட்டிருப்பார். ஆகவே முதலில் ரத்தான ரசீதின் கிழிந்த தாள் அலுவலகத்தின் காகிதக் கோப்பில் வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவரிடம் கேட்கும்போது கேள்வியாகக் கேளுங்கள், குற்றமாக அல்ல.

இரண்டாவது காரணம், வங்கியிலிருந்து பணமின்றித் திரும்பிய காசோலை. ஜூன் 12இல் எழுதிய ரசீதை 18ஆம் தேதி ரத்து செய்தால், சில மென்பொருள்கள் 12ஆம் தேதியின் பட்டியலிலிருந்தே அந்த வரியை எடுத்துவிடுகின்றன. அப்படியானால் அச்சிட்டுக் கையொப்பமிட்ட தினசரி வசூல் பதிவேடு ஒரு தொகையும், கணினி வேறொரு தொகையும் சொல்லும். 12ஆம் தேதியின் பட்டியலை இன்று மறுபடி எடுத்து, அன்று தானாக வந்த கோப்போடு ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். நாள்தோறும் கோப்பு கேட்பதன் பெரிய பயனும் இதுவே, அன்றைய நிலை அன்றே நம் கைக்கு வந்துவிடுகிறது. கடிதத்தில், "ஒருமுறை அனுப்பப்பட்ட வரி பின்னர் நீக்கப்படக் கூடாது. ரத்து செய்யப்பட்டால், ரத்தான நாளின் கோப்பில், அதே ரசீது எண்ணுடனும் கழித்தல் தொகையுடனும் காரணத்துடனும் புதிய வரியாக வர வேண்டும்" என்று எழுதுங்கள்.

மூன்றாவது, ரொக்க ரசீதுகள் மட்டும் மாலையில் ரத்தாகி, பெற்றோரின் கையில் அந்த ரசீது இருப்பது. அத்தகைய ஒன்று தென்பட்டாலே யாரையும் விசாரிக்காமல், அந்த ரசீதை ரத்து செய்த பயனர் பெயரும் நேரமும் அடங்கிய பதிவை மென்பொருள் நிறுவனத்திடம் தலைமையாசிரியரின் கடிதத்தால் கேட்டு வாங்கி, தாளாளரும் தணிக்கையாளரும் சேர்ந்து பார்ப்பதுதான் முறை. அரைகுறை விசாரணை ஒரு நேர்மையான ஊழியரின் பெயரைக் கெடுத்துவிடும், அது திரும்ப வராது.

அறிகுறி 5: சில நாட்களில் கோப்பே வருவதில்லை

அஞ்சல் பெட்டி நிரம்பியிருக்கிறதா, கோப்பு வேண்டாத அஞ்சல்களின் பகுதிக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். வராத நாட்களைப் பட்டியலிட்டால் அவை ஞாயிறும் விடுமுறையுமாக இருக்கும். வசூல் இல்லாத நாளில் கோப்பு உருவாகாதபடி மென்பொருள் அமைந்திருப்பதே காரணம். ஆனால் வசூல் இல்லையா, கோப்பு தவறிவிட்டதா என்று நமக்கு எப்படித் தெரியும்? "வசூல் இல்லாத நாளிலும் தலைப்பு வரியுடன் வெற்றுக் கோப்பு அனுப்பப்பட வேண்டும். கோப்பின் இறுதியில் மொத்த வரிகளும் மொத்தத் தொகையும் தரப்பட வேண்டும்" என்ற இரண்டு வாக்கியங்களைச் சேருங்கள்.

மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுபவர் இருவர் இருக்கட்டும். ஒரே எழுத்தரின் சொந்த முகவரிக்கு அனுப்பும் பழக்கம், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் நின்றுவிடும். பிள்ளைகளின் பெயரும் குடும்பத்தின் கட்டண நிலுவையும் வெளியாரிடம் போகும் அபாயமும் அதில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் கையாள ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தாலும் பொறுப்பை அமர்த்தியவர்மீதே வைக்கிறது. கோப்பில் மாணவர் பெயரோ பெற்றோரின் கைப்பேசி எண்ணோ வேண்டாம், சேர்க்கை எண் போதும் என்று நான் சொல்வது அதனால்தான். மேலே உள்ள மாதிரி வரியிலும் அவை இல்லை. பெயர் கட்டாயம் வேண்டும் என்று தாளாளர் சொன்னால், மின்னஞ்சலை விட்டு, நுழைவுச் சொல்லுடன் கூடிய, கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் எஸ்எஃப்டிபி முறையிலான கோப்புறையில் கோப்பை வைக்கும்படி கேளுங்கள். அதை நம் பக்கத்தில் அமைப்பதற்குக் கணினிப் பொறியாளர் ஒருவரை அரை நாள் அழைக்க வேண்டியிருக்கும்.